சித்தியின் எக்ஸ்ட்ரா மாத்திரை

குரூப்: நம்ம குடும்பம் (ஹட்டன் – பதுளை – கொழும்பு)

ஹட்டன் சித்தி: தம்பி, சனிக்கிழமை வர்றப்ப அந்த எக்ஸ்ட்ரா தலைவலி மாத்திரை ரெண்டு கார்ட் கொண்டாந்துரு. இங்க கடையில முடிஞ்சிருச்சாம்.

பார்மசி அண்ணன்: போன வாட்டிதானே சித்தி தந்தேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?

ஹட்டன் சித்தி: புள்ளக்காம்பராவுல முப்பது புள்ளைங்க சத்தம். தலை இடிக்காம என்ன செய்யும்.

கொழும்பு தம்பி: புள்ளைங்களுக்கு ஒரு கார்ட், சித்திக்கு ஒரு கார்ட் 😄

பார்மசி அண்ணன்: கேலி பண்ணாத டா. சித்தி, மாசத்துல எத்தனை நாள் போடுறீங்க? மாத்திரை எத்தனைன்னு வேணாம், நாள் மட்டும் சொல்லுங்க.

ஹட்டன் சித்தி: போடாத நாளை எண்ணுறதுதான் லேசு. ஞாயித்துக்கிழமை சில நேரம் போட மாட்டேன். காலையில அஞ்சு மணிக்கு எழும்பும்போதே வலி இருக்கும். ரெண்டு மாத்திரை, ஒரு கோப்பை சாயம். அரை மணித்தியாலத்துல விட்டுரும். மத்தியானம் மறுபடி ரெண்டு.

பதுளை மாமா: அந்த மாத்திரையில கெஃபீன் இருக்கு தங்கச்சி. தேத்தண்ணியிலயும் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் தலைவலி. நாளைக்கே தேத்தண்ணிய நிப்பாட்டு, எல்லாம் சரியாயிரும்.

பார்மசி அண்ணன்: மாமா சொல்றதுல பாதி சரி. ஆனா நாளைக்கே நிப்பாட்டினா சித்தி நாளை மறுநாள் படுக்கையை விட்டு எழும்ப மாட்டாங்க.

பதுளை மாமி: உண்மைதான் தம்பி. கந்தசஷ்டி விரதத்துல ரெண்டாம் நாள் எனக்குத் தலை பிளக்கும். பட்டினினால வர்றதுன்னு நெனச்சிட்டிருந்தேன். தேத்தண்ணி இல்லாததுனாலயா?

பார்மசி அண்ணன்: பட்டினியும் இருக்கலாம் மாமி. ஆனா தினமும் குடிக்கிறவங்க கெஃபீனை சட்டுனு விட்டா 12லிருந்து 24 மணித்தியாலத்துக்குள்ள வலி ஆரம்பிக்கும், ரெண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும்.

பார்மசி அண்ணன்: சித்தி கணக்கைப் பார்ப்போம். ஒரு மாத்திரையில பரசிட்டமோல் 500 மில்லிகிராம், கெஃபீன் 65. நாலு மாத்திரைன்னா கெஃபீன் மட்டும் 260. சாயம் எத்தனை கோப்பை?

ஹட்டன் சித்தி: காலையில, பத்து மணிக்கு, சோத்துக்குப் பிறகு, நாலரைக்கு. நாலு. நல்லா கடுப்பமா.

பார்மசி அண்ணன்: கடும் சாயம் ஒரு கோப்பையில சுமார் 40, 50 இருக்கும். எல்லாம் சேர்த்து 440 பக்கம். சுகமா இருக்கிற பெரியவங்களுக்கே நாளைக்கு 400 போதும்னு சொல்றாங்க. நீங்க தேத்தண்ணியில குடிக்கிறதைவிட மாத்திரையில குடிக்கிறது அதிகம்.

கொழும்பு தம்பி: அப்ப எதுக்கு தலைவலி மாத்திரையில அதைப் போடுறாங்க?

பார்மசி அண்ணன்: வலி கொஞ்சம் நல்லா கேட்கும், அதுக்குத்தான். எப்பவாச்சும் போடுறவங்களுக்கு நல்ல மாத்திரைதான். தினமும் போடுறப்பதான் சிக்கல். சித்தியோட கடைசி கோப்பை நாலரைக்கு. உள்ள போன கெஃபீன் அஞ்சு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதியாக் குறையும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு கொஞ்சம்தான் மிச்சம். பழகிப்போன மூளை அதைக் கேட்டு இடிக்குது. உடனே மாத்திரையும் சாயமும் போகுது, வலி விடுது. மாத்திரைதான் காப்பாத்துச்சுன்னு நமக்குத் தோணும். அந்த வலியில ஒரு பங்கு நேத்து போட்டதால வந்தது.

பதுளை மாமா: அதைத்தானே நானும் சொன்னேன். கெஃபீன்!

பார்மசி அண்ணன்: கெஃபீன் இல்லாத வெறும் பெனடோலும் இதைச் செய்யும் மாமா. தலைவலி உள்ள ஆள் வலி மருந்தை நாள் தவறாமப் போட்டுட்டே வந்தா, மூளை வலியை உணர்ற அளவே கூடிரும். முன்ன கவனிக்காத சின்ன வலியும் பெருசா தெரியும். வெறும் பரசிட்டமோல்னா மாசத்துல 15 நாள், கெஃபீன் கலந்ததுன்னா 10 நாள். மூணு மாசத்துக்கு மேல அப்படிப் போனா மருந்தே வலிக்குக் காரணமான்னு யோசிக்கணும். ஒரு நாளைக்கு ஒண்ணு போட்டாலும் நாலு போட்டாலும் அது ஒரு நாள்தான். அதான் நாளைக் கேட்டேன்.

தலவாக்கலை பெரியம்மா: நான் மூட்டு வலிக்கு வருசக்கணக்கா மாத்திரை போடுறேன். எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லையே. சும்மா பயங்காட்டாத.

பார்மசி அண்ணன்: பெரியம்மா, அது நல்ல கேள்வி. ஏற்கனவே தலைவலி வர்ற உடம்புக்குத்தான் இது வரும். மூட்டு வலிக்கு மட்டும் போடுறவங்களுக்குப் பெரும்பாலும் வராது. ஆனா உங்க மாத்திரை வேற மாதிரி, வயித்தையும் கிட்னியையும் பார்த்துக்கணும். அதைத் தனியா பேசுவோம்.

தலவாக்கலை பெரியம்மா: தங்கச்சிக்கு சின்ன வயசுலயே ஒத்தைத் தலைவலி இருந்துச்சு. வெயில்ல கொழுந்து பறிச்சிட்டு வந்தா வாந்தி எடுத்துட்டு இருட்டுல படுத்துருவா.

ஹட்டன் சித்தி: அது மாசத்துல ரெண்டு தடவை வரும். இப்ப அப்படி இல்லை, தினமும் தலை முழுக்க பாரமா இருக்கு.

பார்மசி அண்ணன்: மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தது தினமும் வர்றதா மாறியிருக்கு. மாத்திரை போடுறது அதிகமான காலத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு இந்த மாத்திரை மேலதான் சந்தேகம். ஆனா உறுதியா சொல்ல வேண்டியது டொக்டர். திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பார்வை மங்கல் இதெல்லாம் வந்தா கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஹட்டன் சித்தி: அதெல்லாம் இல்லை. அப்ப வெறும் பெனடோலுக்கு மாறட்டுமா?

பார்மசி அண்ணன்: தினமும் போட்டா பேர் மட்டும்தான் மாறும். இந்த மாதிரி மாத்திரைய முழுசா நிப்பாட்டிப் பார்க்கிறதுதான் வழி. முதல் ரெண்டு நாள்லேருந்து பத்து நாள் வரைக்கும் வலி கூடும், தூக்கம் கெடும், குமட்டும். அதுல பயந்து திருப்பிப் போடுறவங்கதான் அதிகம். குறையுதான்னு தெரிய ரெண்டு மாசம் ஆகலாம். சிலருக்குத் தலைவலி வராம இருக்க டொக்டர் வேற மருந்து தருவாரு, அதையும் கேளுங்க.

பதுளை மாமா: தேத்தண்ணி?

பார்மசி அண்ணன்: முதல்ல கை வைக்க வேணாம்னுதான் நான் சொல்வேன். மாத்திரைய விடுறப்பவே அதோட 260 போயிரும். தேத்தண்ணியையும் அன்னைக்கே விட்டா எந்த வலி எதனாலன்னே தெரியாது. அதே நேரத்துக்கு அதே அளவு குடிக்கட்டும். கொஞ்சம் அடங்கின பிறகு அஞ்சாறு நாளைக்கு ஒரு கோப்பையா குறைக்கலாம். சில டொக்டர்மார் ரெண்டையும் ஒண்ணா குறைக்கச் சொல்வாங்க. அவங்க சொல்றபடி செய்யுங்க.

பதுளை மாமா: எனக்கு இன்னும் தேத்தண்ணி மேலதான் சந்தேகம். சரி, நீ படிச்சவன்.

ஹட்டன் சித்தி: வர்ற கிழமை புள்ளைங்க கலை விழா. பத்து நாள் வலி கூடினா யார் பாட்டு சொல்லிக் குடுப்பா?

பார்மசி அண்ணன்: விழா முடியட்டும். அதுவரைக்கும் போடுற நாளை கலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, டொக்டர்கிட்ட காட்டலாம். தடிமலுக்குப் போடுற மாத்திரையிலயும் பரசிட்டமோல் இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க.

ஹட்டன் சித்தி: அப்ப ரெண்டு கார்ட்?

பார்மசி அண்ணன்: ஒண்ணு கொண்டு வாறேன். கிளினிக் கொப்பியையும் எடுத்து வைங்க, சனிக்கிழமை பார்ப்போம்.

பதுளை மாமி: தம்பி, சஷ்டிக்கு முதல்ல இருந்தே தேத்தண்ணிய குறைச்சிட்டு வந்தா எனக்கு அந்த வலி வராதா?