கஸ்டம் ரூம் மேட்ச் காஸ்ட் பண்ணியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை
கல்லூரி விழாவில் பிஜிஎம்ஐ போட்டி. என் போன் ஸ்பெக்டேட்டர் ஸ்லாட்டில், அங்கிருந்து கேபிளில் scrcpy வழியாக லேப்டாப் ஓபிஎஸ்ஸுக்கு. யாரும் பார்த்துக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று Stream Delay 180 நொடி வைத்திருந்தேன். ஹால் புரொஜெக்டரும் அதே லேப்டாப்பில்தான். கடைசி வட்டத்தில் ஒரு பையன் புல்லுக்குள் படுத்திருக்கிறான், இன்னொருவன் அவனைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறான், நான் கேமராவை அங்கேயே வைத்திருந்தேன். ஹாலே "பின்னாடி பார்றா"ன்னு கத்தியது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவன் திரும்பிச் சுட்டுவிட்டான். செத்த பையன் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. டிலே வைத்தும் எப்படி?

நடுநிசி
தம்பி, அந்த டிலே இணையத்துக்குப் போகும் ஸ்ட்ரீமுக்கு மட்டும்தான். புரொஜெக்டர் ஜன்னலில் ஓடுவது அந்த நொடி நடப்பது. Render Delay ஃபில்டர் இருக்கிறதே என்று நினைக்காதே, அது 500 மில்லிநொடிக்கு மேல் போகாது. புரொஜெக்டரை வேறொரு லேப்டாப்பில் மாட்டி, அதில் உன் லைவ் பக்கத்தையே திறந்து ஓட்டு. வர்ணனை மைக்கை நேராக ஹால் ஸ்பீக்கரில் கொடுக்காதே, கொடுத்தால் படம் பின்தங்கி உன் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. மேட்ச் முடிந்ததும் Stop Streaming அழுத்தினேன், உடனே நிற்கவில்லை, அவசரத்தில் Stop Streaming (discard delay) கொடுத்துவிட்டேன். வரிசையில் நின்ற கடைசி 3 நிமிடமும் போயிற்று. ஜெயித்த ஷாட் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சும்மா_குமார்
இவ்வளவு எதற்கு? நான் வைஃபையில் மிரர் பண்ணினேன், அதுவே இரண்டு மூன்று நொடி தாமதமாகத்தான் வரும். எனக்கு நடுவில் அம்மா போன் பண்ணினார்கள், அந்த அழைப்புதான் திரை முழுக்கத் தெரிந்தது. ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்கள்.

நடுநிசி
குமார், ஏரோபிளேன் மோட் சரி. ஆனால் மூன்று நொடியில் புல்லுக்குள் இருப்பவன் எழுந்து ஓடிவிடுவானா? அதே இடத்தில்தான் இருப்பான், கத்தினால் செத்தான். வைஃபையில் கூட்டம் கூடினால் படமும் கட்டம் கட்டமாக உடையும்.

தேன்மொழி
என் போனை எச்டிஎம்ஐ அடாப்டரில் டிவியோடு மாட்டினால் ஒன்றுமே வரவில்லை, அதே அடாப்டர் அண்ணன் போனில் வேலை செய்கிறது. அதுவும் இந்த டிலேயால்தானா?

நடுநிசி
இல்லைம்மா, டைப்-சி ஓட்டை இருந்தாலும் எல்லாப் போனும் அதன் வழியே படம் அனுப்பாது. உன் போனுக்கு scrcpy தான் வழி, யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணிக்கொள்.

வைகைக்கரை
அண்ணா, இரண்டாவது லேப்டாப் வைத்து நேற்று பார்த்தேன், கத்தல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஜெயித்த அணி எழுந்து குதித்தபோது திரையில் இன்னும் நான்கு அணி உயிரோடு இருந்தது, ஹாலுக்கு முடிவு முன்பே தெரிந்துவிட்டது. ஆடுபவர்களை வேறு அறையில் உட்கார வைக்க எங்களிடம் அறை இல்லை. யாராவது ஒரே ஹாலில் இதைச் சமாளித்திருக்கிறீர்களா?