அப்பாவின் பான், ஆதாரோடு இணைய மறுக்கிறது: வழி சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 68. பான் செயலிழந்து கிடப்பதால் டெபாசிட் வட்டியில் 20 சதவீதம் பிடிக்கிறார்கள். அவருக்கு வருமானமே அந்த வட்டிதான். 1000 ரூபாய் கட்டியாச்சு. ஆனாலும் விவரங்கள் பொருந்தவில்லை என்றே வருகிறது.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். பானில் தாத்தா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இடத்தில். நம்மூரில் பலருக்கும் இதே கதைதான். பெயரைவிடப் பிறந்த தேதிதான் கவலை: ஆதாரில் வருடம் மட்டுமே இருக்கிறது, பானில் முழுத் தேதி.

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி பானோடு ஒத்துப்போகிறது. அதனால் பானைத் தொடாமல், முதலில் ஆதாரில் தேதியையும் பெயரையும் திருத்தலாமா? பான் மையத்தில் கைரேகை வைத்து இணைத்தவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருந்தால், எந்த மையம், என்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். கட்டிய பணம் அப்படியே செல்லுமா?