சிவாஜி மலரும் இரண்டு விருது வரிகளும்

சுங்கை சிப்புட் மலர்க்குழு

எங்கள் ஊர்க் கலை இரவுக்கு நடிகர் திலகம் பற்றி ஒரு மலர் போடுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் இணையத்தில் எடுத்துத் தந்த வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு வரிகள் எனக்கு இடித்தன. ஒன்று, 1960-இல் 'கெய்ரோ சர்வதேசத் திரைப்பட விழா'வில் சிறந்த நடிகர் விருது. மற்றொன்று, 1995-இல் பிரான்சின் மிக உயரிய 'லீஜியன் ஆஃப் ஹானர்'. கெய்ரோ சர்வதேச விழா தொடங்கியதே 1976-இல்தான். பிறக்காத விழா எப்படிப் பரிசு கொடுக்கும்? இப்படி யாராவது சரிபார்த்திருக்கிறீர்களா?

கோலகங்சார் தம்பி

விழாவே இல்லையென்றால் விருதும் பொய்தான், ஐயா. இரசிகர்கள் கட்டிவிட்ட கதை. இரண்டு வரியையும் வெட்டிவிடுங்கள். பத்ம விருதுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1966 பத்மஸ்ரீ, 1984 பத்மபூஷண் இரண்டும் இந்திய அரசின் பட்டியலிலேயே இருக்கின்றன.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

தம்பி, அவசரப்படாதீர்கள். பரிசு உண்மை, விழாவின் பெயர்தான் மாறிப்போயிருக்கிறது. 1960-இல் கெய்ரோவில் நடந்தது ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழா. முந்தைய ஆண்டு வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக அங்கேதான் அவர் சிறந்த நடிகரானார். அந்த விழா பிறகு மறக்கப்பட்டுவிட்டது. ஊர்ப்பெயர் மட்டும் நினைவில் இருந்தவர்கள் அதே ஊரில் இப்போது நடக்கும் பெரிய விழாவின் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஆண்டு இடிக்கும்போது விருதை வெட்டுவதற்கு முன், அந்த ஊரில் அந்த ஆண்டில் வேறு என்ன விழா நடந்தது என்று தேடிப் பாருங்கள்.

பிரான்சு விஷயமும் ஏறக்குறைய இதே கதைதான். செவாலியே என்பது ஒரு விருதின் பெயரல்ல, படிநிலை. நெப்போலியன் 1802-இல் ஏற்படுத்திய லீஜியன் ஆஃப் ஹானரிலும் அது உண்டு. 1957-இல் தொடங்கிய கலை இலக்கிய விருதிலும் உண்டு. சிவாஜிக்குக் கிடைத்தது இரண்டாவது. அதை வழங்குவது அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சு. லீஜியன் ஆஃப் ஹானர் சத்யஜித் ராய்க்கு 1987-இல் கிடைத்தது. செய்தித்தாள்கள் இருவரையும் ஒரே வரியில் எழுதப்போய்க் குழப்பம் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

உங்களிடம் படம் இருந்தால் பதக்கத்தைப் பாருங்கள். லீஜியனுக்குச் சிவப்பு நாடா, வெள்ளை எனாமல் பூசிய ஐந்து கைகள். கலை இலக்கிய விருதுக்குப் பச்சை நாடாவில் வெள்ளைக் கோடுகள், பச்சைப் பதக்கத்தில் எட்டு கைகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, ஆனால் கைகளை எண்ணலாம்.

தாப்பா அக்கா

எங்கள் குடும்பத்திலும் இந்தத் தொல்லை உண்டு. என் கொழுந்தனாருக்குக் கோலாலம்பூர் ஓட்டலில் மாலை, அங்கி, தொப்பியெல்லாம் போட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். 'நிர்வாகக் கட்டணம்' தனியாக வாங்கினார்கள். இதைக் காட்டி அவர் கல்லூரியில் விரிவுரையாளர் ஆக முடியுமா?

கோலகங்சார் தம்பி

மலேசியத் தகுதிப் பதிவேட்டில் தேடுங்கள், அக்கா. அதில் இல்லையென்றால் போலி.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பாதிதான் சரி. அந்தப் பதிவேட்டில் இருப்பது படித்து வாங்கும் பட்டங்களுக்கான அங்கீகாரம் பெற்ற படிப்புகள். கௌரவப் பட்டம் படிப்பல்ல. மலாயாப் பல்கலைக்கழகமே கொடுத்தாலும் அதில் வராது. ஆகவே பட்டத்தைத் தேடாமல், கொடுத்த நிறுவனத்தைத் தேடுங்கள். அதற்கு வகுப்பு உண்டா, மாணவர் உண்டா, எந்த நாட்டுச் சட்டப்படி பட்டம் வழங்குகிறது? ஓட்டல் மண்டபத்தைத் தவிர அதற்கு முகவரியே இல்லையென்றால், தங்கை, கட்டணம் எதற்கு என்று உங்களுக்கே புரியும். உண்மையான கௌரவப் பட்டமாக இருந்தாலும் விரிவுரையாளர் வேலைக்கு அது கல்வித் தகுதி ஆகாது.

தாப்பா அக்கா

அவரிடம் யார் சொல்வது? வாசலில் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது.

பாகான் டத்தோ வாசகர்

டத்தோ, டான்ஶ்ரீ பற்றியும் ஒரு வார்த்தை. டான்ஶ்ரீ பட்டத்தைக் கூட்டரசு மட்டுமே தருகிறது. `istiadat.gov.my` தளத்தில் கூட்டரசு விருது பெற்றவர்களின் பெயரைத் தேடலாம். டத்தோவை மாநிலங்களும் தருவதால், அங்கே பெயர் இல்லை என்பதற்காக ஒருவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஷாருக் கானுக்கு 2008-இல் டத்தோ கொடுத்தது மலாக்கா மாநிலம்.

சுங்கை சிப்புட் மலர்க்குழு

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. இரண்டு வரிகளையும் திருத்திவிட்டோம். பால்கே விருதிலும் ஒரு சிறு சிக்கல் இருந்தது: சிலர் 1996 என்கிறார்கள், சிலர் 1997 என்கிறார்கள். விருது 1996-க்கானது, வழங்கியது 1997-இல். '1996-ஆம் ஆண்டுக்கான' என்று போட்டுவிட்டோம்.

இப்போது தலைவர் அட்டையில் 'பத்மபூஷண் செவாலியே டாக்டர்' என்று மூன்றையும் பெயருக்கு முன்னால் போடச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பத்மபூஷணை எடுத்துவிடுங்கள். பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் அந்தத் தீர்ப்பில் வராது. எனக்கு அவையும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

கோலகங்சார் தம்பி

செவாலியே இருக்கட்டும், ஐயா. நம் ஊரில் டத்தோ போடாமல் அழைப்பிதழ் அடிக்கிறார்களா என்ன?

சுங்கை சிப்புட் மலர்க்குழு

தலைவரும் அதையேதான் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும்.