புதுப்பிப்பு: தோட்டத்து டெலிவரிக்குக் குறைந்தபட்சத் தொகை

எங்கள் கடை பற்றி முன்பு இங்கே நான் கேட்டது: "எட்டு வெள்ளி சாமானுக்கும் லயத்துக்கு மோட்டார் ஓட்டுகிறோம். எவ்வளவுக்குக் கீழே மறுக்கலாம்?"

யாரையும் மறுக்கவில்லை. சாமானில் எங்களுக்கு நிற்பது சுமார் 15 விழுக்காடு. ஒரு நடைக்குப் பெட்ரோல், பையனின் நேரம் சேர்த்து 3 வெள்ளி. இங்கே பதில் சொன்ன மொத்த வியாபாரி அண்ணன் கணக்குப்படி 3-ஐ 0.15-ஆல் வகுத்தால் 20 வெள்ளி; அவ்வளவுக்கு ஆர்டர் வந்தால்தான் நடைச் செலவு தேறும். அதற்குக் கீழே இப்போது 2 வெள்ளி கட்டணம். 8 வெள்ளி ஆர்டரில் லாபம் 1.20, கட்டணத்தோடு 3.20. சரி, கையைக் கடிக்கவில்லை. ஏழுக்குக் கீழே போனால்தான் இடிக்கும்.

எல்லாருக்கும் 3 வெள்ளி கட்டணம் போடச் சொன்னவருக்கு: பெரிய ஆர்டர்கள் பட்டணத்துக்கே போய்விடும்.

20 வெள்ளியும் அரிசி, சீனியாகவே வந்தால் 5 விழுக்காடுதான், 1 வெள்ளி நிற்கும். அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?