இருட்டில் அமோலெட் உறுத்துகிறது, வெயிலில் எல்சிடி தெரியவில்லை: எதை வாங்கலாம்?

தோவாளை பூச்சந்தையில் எடைக்கணக்கு எழுதும் போன் இது. விடியலுக்கு முன் அரை இருட்டில் ஒரு மணி நேரம், பிறகு மதியம் வெட்டவெளியில் வேலை. பழைய எல்சிடி கண்ணை உறுத்தியதில்லை, ஆனால் வெயிலில் எண்களே தெரியாது. மூன்று வாரமாக 6.7 அங்குல, 120 ஹெர்ட்ஸ் அமோலெட். வெயிலில் பளிச். இருட்டில் பிரைட்னஸை 20 சதவீதத்தில் வைத்தால் இருபதே நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது.

இன்னொரு போன் கேமராவில் புரோ மோடு போட்டு, ஷட்டரை 1/1000 வைத்துத் திரையைப் பார்த்தேன். 20 சதவீதத்தில் தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, 70-இல் மெலிந்துவிடுகின்றன. அதாவது குறைந்த வெளிச்சத்தில் பேனல் விட்டு விட்டு எரிகிறது. நைட் லைட் போட்டால் திரை மஞ்சளாகிறதே தவிர பட்டை அப்படியே இருக்கிறது.

பிரைட்னஸை 70-இல் நிறுத்தி Extra dim போட்டால் வலி பாதியாகிறது. ஆனால் அதற்கு ஆட்டோ பிரைட்னஸை அணைக்க வேண்டும். அணைத்தால் வெயிலில் அந்த உச்ச வெளிச்சம் வருவதில்லை. தினம் இரண்டு முறை மாற்றுவது நடக்கிற காரியமா? கணக்குச் செயலியோ முழு வெள்ளை, டார்க் மோடு கிடையாது. ஆகவே கறுப்பில் சார்ஜ் மிச்சமாகும் என்ற அமோலெட்டின் லாபமும் இங்கே இல்லை.

20,000 ரூபாய்க்குள், ஆட்டோ பிரைட்னஸை அணைக்காமலே 20 சதவீதத்தில் இந்த 1/1000 சோதனையில் தடித்த பட்டை காட்டாத அமோலெட் மாடல் எது?