புதுப்பிப்பு: எடுக்காத லோரியில் ஏறிய 100 கிலோ

என் பழைய கேள்வி: "மூன்றாவது லோரியை எடுக்கவில்லை, y3 = 0 என்று திரையில் காட்டுகிறது. ஆனாலும் அதில் 100 கிலோ சரக்கு ஏறுகிறதே, ஏன்?"

காரணம் பிடிபட்டது. y3 உண்மையில் 0 இல்லை, 0.00001. அந்த அளவு பிசகினாலும், கணக்கைத் தீர்க்கும் நிரலான சால்வர் அதை முழு எண்ணாக ஏற்றுக்கொள்கிறது. லோரியை எடுக்காதபோது அதன் சரக்கு x3 பூஜ்யமாக வேண்டும் என்று x3 <= M*y3 எழுதி, M என்ற பெரிய எண்ணுக்கு ஒரு கோடி போட்டிருந்தேன். இரண்டையும் பெருக்கினால் சரியாக 100 கிலோ! கூடுதல் இலக்கங்களோடு அச்சிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

"M-ஐ ஒரு லட்சமாக்குங்க, போதும்" என்றார் ஒரு தம்பி. பாதி சரி, 1 கிலோ இன்னும் கசிந்தது. பட்டர்வொர்த் கிடங்கில் பல வருடம் திட்டமிட்ட அண்ணன் ஒருவர்தான், "லோரி தாங்குவதே 3000 கிலோ, அதையே M-ஆகப் போடேன்" என்றார். கசிவு 30 கிராமானது.

அதே கணக்கை பாலத்துக்கும் போட்டேன். தீவுக்குப் போகும் சரக்கு w 5000 கிலோவுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூடுதல் ஆள் வேண்டும், அப்போது y5 = 1. மூன்று லோரியும் சேர்ந்து 9000-ஐத் தாண்டாது, அதனால் M 4000 போதும்.

```
x3 <= 3000*y3
w <= 5000 + 4000*y5
y1 <= y2
```

கடைசி வரி, முதல் லோரி போனால் இரண்டாவதும் போக வேண்டும் என்பது. சமக்குறி போட்டிருந்தேன், இரண்டாவது தனியாகப் போகவே முடியவில்லை. இந்த வரிக்கு M தேவையே இல்லை.

வாடகை லோரியின் கொள்ளளவு தினமும் மாறினால் M என்ன? இன்னும் யோசிக்கிறேன்.