வளைகோட்டு ஓவியம் அச்சில் ஏன் அதிர மறுக்கிறது?

கோடுகாரன்: பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் ‘ஃபால்’ ஓவியம் மாதிரி கருப்பு வெள்ளை வளைகோடுகள் போட்டு 60 × 60 செ.மீ. அச்சடித்தேன். ஒவ்வொரு கோடும் 1 செ.மீ. ஃபோனில் பார்த்தபோது நெளிந்து துடித்தது. சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அப்படியே கிடக்கிறது. மை சரியில்லையா, தாளா?

பிக்சல்பாண்டி: இரண்டும் இல்லை. ஃபோனில் நீங்கள் பார்த்தது ஓவியத்தின் அசைவே கிடையாது. பெரிய படத்தைச் சின்னத் திரைக்குள் சுருக்கும்போது கோடுகளின் வரிசையும் பிக்சல்களின் வரிசையும் ஒன்றோடொன்று மோதி அலை அலையாக ஒரு பொய் வடிவம் எழும். அதைத்தான் துடிப்பு என்று நினைத்துவிட்டீர்கள். அச்சில் பிக்சல் இல்லை, அதனால் துடிப்பும் இல்லை.

மூன்றாம்கண்: பாண்டி சொல்வது பாதிதான் சரி. திரையில் அப்படிப் பொய் அலை வரும், உண்மை. ஆனால் இங்கே முக்கியக் காரணம் கோட்டின் அகலம்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 2 பாகை. இந்த வகை ஓவியம் நன்றாக அதிர, ஒரு பாகைக்குள் சுமார் மூன்று இணைகள் வர வேண்டும். ஒரு கருப்பும் அதை ஒட்டிய ஒரு வெள்ளையும் சேர்ந்ததைத்தான் இணை என்கிறேன். அதாவது கட்டைவிரலுக்குப் பின்னால் ஐந்தாறு கருப்புக் கோடுகள் மறைய வேண்டும். உங்கள் இணை 2 செ.மீ. இரண்டடித் தூரத்தில் விரல் ஓவியத்தையே தொட்டுவிடும், மறைவது ஒரே ஒரு கருப்புக் கோடு. அதனால்தான் அது வெறும் கோடாகத் தெரிகிறது.

ஃபோனில் என்ன நடந்தது? அதே படம் 7 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கியது. இணை 2.3 மி.மீ. ஆகிவிட்டது. 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஒரு பாகைக்கு இரண்டுக்கு மேல் இணைகள். அதிர்வு தொடங்கும் இடத்துக்குத் தற்செயலாக வந்துவிட்டீர்கள்.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு வழி உண்டு. அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். ஃபோனில் தெரிந்த அதே அளவில்தான் அப்போதும் தெரியும். அங்கிருந்து பார்த்து நெளிந்தால் காரணம் அகலம். நெளியாவிட்டால் பாண்டி சொன்னதுதான்.

கோடுகாரன்: நின்று பார்த்தேன். நெளிகிறது! ஆனால் ஃபோனைவிட மெதுவாக. வளைவு நெருக்கமான இடத்தில் ஃபோனில் ஒரு சாம்பல் வலை தெரிந்ததே, அது அச்சில் இல்லவே இல்லை.

பிக்சல்பாண்டி: அந்தச் சாம்பல் வலைதான் நான் சொன்ன பொய் அலை. மற்றதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்கண்: மெதுவாகத் தெரிந்ததற்குக் காரணம், அவ்வளவு தள்ளி நின்றால் ஓவியம் பார்வையில் 13 பாகைதான் பிடிக்கும். சுற்றிலும் அசையாத சுவர். ஃபோனும் 13 பாகைதான், ஆனால் அது கையில் ஆடும், திரையின் ஒளியும் கூட. ரைலியின் ‘ஃபால்’ (1963) பக்கத்துக்கு ஏறக்குறைய 141 செ.மீ. எதிரே நின்றால் கண்ணுக்கு ஒதுங்க இடமே இருக்காது. அளவும் அந்த ஓவியத்தின் ஒரு பகுதி, அதை மறக்கக் கூடாது.

கணக்கு எளிது. பார்க்கும் தூரத்தை 0.0058 ஆல் பெருக்கினால் இணையின் அகலம் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 6 மி.மீ., அதாவது கருப்பு 3, வெள்ளை 3. உங்கள் 60 செ.மீ. தாளில் 100 இணைகள் வரும். JPEG ஆகக் கொடுக்காதீர்கள், ஓரத்தில் சாம்பல் படியும். PDF ஆகவோ SVG ஆகவோ கொடுங்கள். பளபளப்புத் தாளும் வேண்டாம், விளக்கு அதில் எதிரொளித்தால் அந்த இடத்தில் கருப்பு செத்துவிடும்.

தறிநூல்: இவ்வளவு கணக்குப் போட்டு ஒரு தாளைத் துடிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பவர் அசையாமல் நிற்கிறார், படமும் அசையாமல் நிற்கிறது, கண் வலிக்கிறது. இதையா பார்வையாளர் ஓவியத்தை முடித்துவைக்கிறார் என்கிறோம்? வெனிசுவேலாவின் ஹெசூஸ் சோட்டோ செய்ததைப் பாருங்கள். கோடு போட்ட பலகைக்கு முன்னால் கம்பிகளைத் தொங்கவிட்டார். நீங்கள் நடந்தால்தான் அது நடக்கும், நின்றால் நின்றுவிடும்.

செய்து பார்ப்பதும் கடினமில்லை. செங்குத்துக் கோடுகள், இணை 4 மி.மீ. அதற்கு 15 செ.மீ. முன்னால் மெல்லிய கம்பிகள், நைலான் நூலில். பலகையிலிருந்து 2 மீட்டரில் நின்று தலையை 10 செ.மீ. நகர்த்தினால் கம்பி பின்னணியில் 8 மி.மீ. நகர்ந்ததாகத் தெரியும். அதாவது இரண்டு முழு இணைகளைத் தாண்டும். கருப்பின் மேல் வரும்போது கம்பியின் ஓரம் கரைந்து, வெள்ளையின் மேல் திரும்ப முளைக்கும். அந்தக் கரைதலும் முளைத்தலும்தான் அதிர்வு. இடைவெளியை 2 செ.மீ. ஆகக் குறைத்தால் அதே தலையசைவுக்கு 1 மி.மீ. அளவுதான் நகரும். பலரும் கெடுப்பது இங்கேதான்.

இன்னொன்று நிழல். ஒற்றை ஸ்பாட் லைட் போட்டால் கம்பியின் நிழல் பலகையில் விழுந்து இன்னொரு கோடாகிக் குழப்பும். பரவலான வெளிச்சம் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், கம்பி தானாக ஆடினால் அசைவு பார்ப்பவருடையதாக இருக்காது.

மூன்றாம்கண்: தறிநூல் சொன்ன முறை நல்ல முறை. “பார்ப்பவர் அசையாமல் நிற்கிறார்” என்பதில்தான் தவறு. கண் ஒருபோதும் நிற்பதில்லை. ஒரே புள்ளியைப் பார்க்கும்போதும் நொடிக்கு ஓரிரு முறை சிறிதாகத் துள்ளும். அந்தத் துள்ளல் கால் பாகை என்று வைத்தால், ஒரு மீட்டரில் அது 4 மி.மீ.க்குச் சற்று மேல். கோடு 3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு துள்ளலிலும் கருப்பு இருந்த இடத்தில் வெள்ளை வந்து விழுகிறது.

நேர்கோடுகளில் இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும். “கண்தான் நகர்ந்தது” என்று மூளை எளிதில் கழித்துவிடும். வளைகோட்டில் அப்படிக் கழிக்க முடியாது. ஒரே துள்ளலுக்கு, கோடு குறுக்கே போகும் இடத்தில் பெரிய மாற்றம், கோடு துள்ளலின் திசையிலேயே போகும் இடத்தில் மாற்றமே இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் வெவ்வேறு பக்கம் வழுக்கியதுபோல் தெரிவது அதனால்தான். ரைலி வளைவைக் கீழே போகப்போக இறுக்கியதன் பலன் இது.

அரைவிழி: எனக்குச் சிலிண்டர் பவர் கண்ணாடி. கழற்றினால் சில திசைக் கோடுகள் மட்டும் மங்கி, மற்றவை கறுத்துத் தெரிகின்றன, தலையைச் சாய்த்தால் அது இடம் மாறுகிறது. அப்படியென்றால் எல்லாமே கண்ணின் லென்ஸ் வேலைதானே? அட்டையில் ஊசித் துளை போட்டுப் பார்த்தால் துடிப்பு அடங்குகிறது.

மூன்றாம்கண்: உங்களுக்கு லென்ஸின் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் ஊசித்துளை வெளிச்சத்தையும் பார்வைப் பரப்பையும் சேர்த்தே குறைக்கிறது. எது அடக்கியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விளக்கை நன்றாகக் கூட்டி, கண்ணாடியோடு மறுபடி பாருங்கள்.

தறிநூல்: ஓவியர் லெவியான்டின் ‘எனிக்மா’ படத்தில், அசையாத வளையங்களில் ஓடுவதுபோல் தெரியும் ஓட்டத்தை மூளையின் அசைவுப் பகுதியோடு சேர்த்துச் சொன்னவர்கள் உண்டே? எல்லாம் கண் துள்ளல் என்று முடித்துவிட முடியுமா?

மூன்றாம்கண்: முடியாது. 2008இல் வந்த ஆய்வில், துள்ளல் கூடும்போது அந்த ஓட்டமும் வேகமாகிறது என்று காட்டினார்கள். ஆனால் துள்ளலுக்குத் திசை பல, ஓட்டம் மட்டும் ஏன் எப்போதும் வளையத்தின் வழியே போகிறது? கண் தூண்டுகிறது, திசையை மூளை கொடுக்கிறது என்பது என் எண்ணம். இதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை.

கோடுகாரரே, ஒன்று விட்டுப்போனது. பாகைக்கு மூன்று இணை என்பது ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், சில வலிப்பு நோயாளிகளுக்கும் தொல்லை தரக்கூடிய அளவு. அறைக்குள் நுழைந்ததும் எதிரே தெரியும்படி மாட்டாதீர்கள். வாசலிலேயே ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டுங்கள்.

கோடுகாரன்: சரிங்க. முதலில் 20 செ.மீ. துண்டுகளாக 4, 6, 9 மி.மீ. இணையில் மூன்று அச்சடித்து ஒரே சுவரில் வைத்துப் பார்க்கிறேன். தறிநூல், கம்பி எத்தனை மி.மீ. தடிமன்?

தறிநூல்: கோட்டின் அகலமே, 2 மி.மீ. அதைவிடத் தடிமனானால் கரையாது. நைலான் நூலை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்றில் கட்டினால் கம்பி தானே சுழலும்.